புதுப்பிப்பு: பசுக்கள் மேய்ந்த லீக்ஸ் தோட்டத்துக்கான நட்டஈடு

என் முந்தைய கேள்வி: “அயலவரின் பசுக்கள் இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து என் லீக்ஸை மேய்ந்துவிட்டன. நன்றாகத்தான் கட்டியிருந்தேன் என்கிறார். நட்டஈடு கேட்கலாமா?”

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நட்டஈடு கிடைத்தது. கண்டியிலுள்ள சட்டத்தரணி ஐயா சொன்ன வழியே பலித்தது: இலங்கையில் இதற்குரிய உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, கால்நடை தானாகவே வந்து பிறர் பயிரைத் தின்றால், உரிமையாளரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மாட்டின் குணம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று தம்பி ஒருவர் எழுதியது, வளர்ப்பு விலங்கு மனிதரைக் காயப்படுத்துவது பற்றிய பழைய ஆங்கிலச் சட்டத்துக்கே பொருந்தும். புலி, கரடி போன்றவற்றை வைத்திருப்பவருக்கு அங்கும் அந்தச் சலுகை இல்லை. தன் நாயைச் சிறுத்தை தூக்கிச் சென்றதைக் கேட்ட அக்காவுக்கு இவ்வழி உதவாது, ஏனெனில் காட்டுச் சிறுத்தைக்கு உரிமையாளர் எவருமில்லை.

நான் எதிர்பாராதது, யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டதாக மத்தியஸ்த சபையில் அயலவர் சொன்னதுதான். அந்நியர் செயலால் நேர்ந்ததென்றால் அவர் பொறுப்பிலிருந்து தப்பியிருப்பார். ஆனால் அன்று காலையே கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் எடுத்த படத்தில், பசுவின் கழுத்தில் அறுந்த கயிறு தெளிவாகத் தெரிந்ததால் அவர் அதை வற்புறுத்தவில்லை. தின்னப்பட்ட பயிரின் விலையில், அறுவடைக் கூலியையும் லொறிக் கூலியையும் கழித்து இணங்கினோம். மிதிபட்ட பாத்திகளும் இதில் அடங்குமா என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை.