1 லிட்டர் டப்பா: கணக்கில் 554 ச.செ.மீ., வெட்டினால் 710. விட்டமும் உயரமும் எப்படி முடிவு செய்வது?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். இரண்டு பக்கமும் மூடிய, சரியாக 1 லிட்டர் பிடிக்கும் உருளை டப்பா செய்ய வேண்டும். தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டும். பாடத்தில் படித்தபடி வகையிட்டுப் பார்த்தேன்:

```
A = 2πr² + 2000/r
dA/dr = 0  →  r = 5.42 செ.மீ.
விட்டம் = உயரம் = 10.84 செ.மீ.
A = 554 ச.செ.மீ.
```

இதை வைத்து ஒரு மாதிரி டப்பா செய்தேன். மூடியையும் அடியையும் மரக்கட்டையில் வைத்துத் தட்டி, விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே பதியும்படி செய்து, கையால் மடித்தேன். சுவரின் பக்க ஒட்டுக்கு 1 செ.மீ. விட்டேன். சுவரின் இரு முனையிலும் வெளியே மடிக்க 3 மி.மீ. விட்டேன். மூடி வட்டத்துக்குச் சுற்றிலும் 8 மி.மீ. கூடுதல், அதாவது வெட்டும் வட்டத்தின் விட்டம் 12.44 செ.மீ.

இரண்டு சிக்கல். ஒன்று, தகடு கிட்டத்தட்ட 710 ச.செ.மீ. போய்விட்டது. இரண்டு, தண்ணீர் ஊற்றி அளந்தால் 945 மி.லி. தான் பிடிக்கிறது. கணக்கு தப்பா, கை தப்பா? மடிக்கும் இயந்திரத்துக்கு அச்சு வாங்குவதற்கு முன் விட்டத்தை முடிவு செய்தாக வேண்டும். தகடு 60 செ.மீ. அகலச் சுருளாக வருகிறது.

நேர்கோடு

கணக்கு நூற்றுக்கு நூறு சரி. மூடிய உருளைக்கு உயரமும் விட்டமும் சமமாக இருந்தால்தான் பரப்பு குறைவு. அதற்கு நிரூபணம் இருக்கிறது, இதில் விவாதமே இல்லை. 150 ச.செ.மீ. கூடியிருக்கிறது என்றால் வெட்டும்போது வீணடிக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். கவனமாக வெட்டுங்கள்.

பட்டறை மாமா

தம்பி நேர்கோடு, வட்டத்தை வீணே இல்லாமல் வெட்டும் வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. நான் இத்தனை காலம் மூலைகளைக் குப்பைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இளவேனில், முதலில் கொள்ளளவை முடித்துவிடுவோம், அது சுலபம். மூடியும் அடியும் 3 மி.மீ. உள்ளே போய் உட்காருகின்றன. இரண்டும் சேர்ந்து 6 மி.மீ. உயரத்தைத் தின்றுவிட்டன. உங்கள் விட்டத்துக்கு ஒரு செ.மீ. உயரம் என்பது 92 மி.லி. சொச்சம். அதில் 0.6 பங்கு 55 மி.லி. 1000-ல் 55 போனால் 945. நீங்கள் அளந்தது அச்சாக அதுதான், கையில் குறையே இல்லை. 10.84 என்பது உள்ளே திரவம் நிற்கும் உயரம். முடிந்த டப்பாவின் உயரம் 11.44 வர வேண்டும். வெட்டும் சுவர்த் தகடு இரு மடிப்பையும் சேர்த்து 12.04 இருக்க வேண்டும்.

கணியன்

மாமா சொன்னதைக் கணக்கில் ஏற்றினால் தகடு எங்கே போனது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் சூத்திரம் முடிந்த டப்பாவின் மேல்பரப்பைத்தான் குறைக்கிறது. நீங்கள் குறைக்க வேண்டியது வெட்டும் தகடு. இரண்டும் வெவ்வேறு சார்புகள், குறைந்தபட்சம் வரும் இடமும் வேறு.

மடிப்பையெல்லாம் மறந்துவிட்டு மூலைக் கழிவை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு சதுரத்திலிருந்து வெட்டினால் மூடி, அடி இரண்டுக்கும் 2πr² போதாது, 8r² வேண்டும். சுவருக்கான 2000/r மாறவில்லை. இப்போது வகையிட்டால் r³ = 125, அதாவது r சரியாக 5. விட்டம் 10, உயரம் 12.73. மூலைக் கழிவு ஒன்றே டப்பாவை விட்டத்தைப் போல 1.27 மடங்கு உயரமாக்கிவிடுகிறது.

காரணமும் எளிது. மூடியின் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுவரைவிட அதிகச் செலவு என்றால், மூடியைச் சின்னதாக்கிச் சுவரை உயர்த்துவதுதான் லாபம். சுவரைப் போல மூடிக்கு k மடங்கு செலவு என்றால் உயரம் = k × விட்டம் என்று வரும். சதுரத்திலிருந்து வெட்டும்போது k = 4/π = 1.27. வீணே இல்லாவிட்டால் k = 1, அப்போதுதான் நேர்கோடு சொல்லும் விடை.

வள்ளி

இடையில் ஒரு கேள்வி. குளிர்பான கேன் 330 மி.லி. ஒன்றை அளந்தேன். விட்டம் 6.6, உயரம் 11.5 செ.மீ. கிட்டத்தட்ட 1.74 மடங்கு. கையில் பிடிக்க வசதி என்றுதான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்கும் இந்த k தான் காரணமா?

கணியன்

இரண்டும் உண்டு. அந்தக் கேனின் சுவரை இழுத்து இழுத்து மெலிதாக்குகிறார்கள், சுமார் 0.1 மி.மீ. தான். அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் மூடி அதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. அப்படியானால் k 2-க்குப் பக்கத்தில் வரும். கேனின் கழுத்தைக் குறுக்கி மூடியைச் சின்னதாக்கியிருப்பதும் அதே காரணத்தால்தான். ஆனால் அதில் பக்க ஒட்டே கிடையாது, அடி குழிந்திருக்கும். ஆகவே இளவேனிலின் டப்பாவோடு நேராக ஒப்பிட முடியாது.

தொட்டி நாதன்

எனக்கும் இதே சந்தேகம்தான். நான் தண்ணீர்த் தொட்டி செய்யப் போகிறேன், மேலே மூடி கிடையாது. உயரமும் விட்டமும் சமமாக வைத்து 500 லிட்டருக்குத் தகடு வாங்கலாமா?

பட்டறை மாமா

வாங்காதீர்கள். மூடி ஒன்று இல்லாவிட்டால் கதையே வேறு. உயரம் ஆரத்துக்குச் சமமாக வர வேண்டும், விட்டத்துக்கு அல்ல. அகலமாக, குட்டையாக இருக்கும். அதுவும் தகட்டை மட்டும் பார்த்தால்தான். அடித்தகடு அத்தனை அகலமானால் அதற்குக் கீழே தாங்கல் வேண்டும். தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. கணியன் சொன்னபடி மடிப்புகளையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். இது சரியா?

```
h = 1000/(πr²)        (திரவம் நிற்கும் உயரம்)
A = 2(2r + 1.6)² + (2πr + 1)(h + 1.2)
```

இதில் குறைந்தபட்சம் r = 4.72-ல் வருகிறது. விட்டம் 9.44, திரவ உயரம் 14.29, தகடு 718.6 ச.செ.மீ. பழைய 10.84 விட்டத்தைச் சரியாக 1 லிட்டர் வரும்படி உயர்த்திப் போட்டால் 731. இவ்வளவு பாடுபட்டும் மிச்சம் 13 ச.செ.மீ. தானா? ஏமாற்றமாக இருக்கிறது.

கணியன்

சூத்திரம் சரி. ஏமாற வேண்டாம், பயன் அங்கேதான் இருக்கிறது. குறைந்தபட்சத்துக்குப் பக்கத்தில் வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கும். 9.0 போட்டுப் பாருங்கள், 720 வரும். 9.9 போட்டாலும் 720. 10-க்கு 721. ஆக 9-லிருந்து 10 வரை எங்கே நின்றாலும் நஷ்டம் 3 ச.செ.மீ.க்குள். அந்த ஒரு செ.மீ. இடைவெளியில் வேறு எது உங்களுக்கு முக்கியமோ அதைப் பார்த்து விட்டத்தை எடுக்கலாம்.

பட்டறை மாமா

அந்த "வேறு எது" 60 செ.மீ. சுருள்தான். டப்பா ஒன்றுக்குச் சுருளில் எத்தனை செ.மீ. நீளம் போகிறது என்று கணக்குப் போடுங்கள். கடைசியில் காசு கொடுப்பது அதற்குத்தான்.

10.84 விட்டம்: சுவர்த் தகடு 12.04 × 35.05. குறுக்கே நான்கு நிற்கும், ஐந்தாவதுக்கு 2 மி.மீ. போதாது. வயிறு எரியும். மூடி வட்டம் 12.44, குறுக்கே நான்குதான். மொத்தத்தில் டப்பா ஒன்றுக்குச் சுருளில் 15 செ.மீ., அதாவது 899 ச.செ.மீ.

உங்கள் "மிகச் சிறந்த" 9.44: சுவர் 15.49 உயரம், குறுக்கே மூன்றுதான். படுக்க வைத்தால் நீளம் 30.66, இரண்டு வைக்க 61.3 வேண்டும், தகடோ 60. மிஞ்சும் பட்டையில் சுவர் நீளத்துக்கு இரண்டு மூடி வெட்டினால்கூட 790 ஆகும்.

9.2: சுவர் நீளம் 29.90, குறுக்கே இரண்டு. மூடி வட்டம் 10.8, ஐந்து. டப்பா ஒன்றுக்கு 746. சூத்திரத்தில் இது 719 தான், உங்கள் சிறந்ததைவிட அரை ச.செ.மீ. கூடுதல், அவ்வளவுதான்.

நேர்கோடு

சரி, மூலைகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் வட்டங்களைச் சதுரமாக அடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? தேன்கூடு மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி அடுக்கினால் கழிவு இன்னும் குறையும். 9.2-க்கு மூடி 10.8. ஐந்தரை வட்டம் 59.4 செ.மீ., 60-க்குள் அடங்குகிறது. வரிசைக்கு வரிசை தூரம் 10.8-லிருந்து 9.35 ஆகிவிடும். டப்பா ஒன்றுக்கு 712 தான்!

பட்டறை மாமா

இது நல்ல கேள்வி. பஞ்ச் வைத்து வட்டத்தை நேராகத் தட்டியெடுத்தால் நீ சொன்னது நடக்கும். வட்டத்துக்கு வட்டம் ஒன்றிரண்டு மி.மீ. பாலம் விட வேண்டும், அதைச் சேர்த்தால் 59.4 எங்கே போகும் என்று பார்த்துக்கொள். வெட்டுக் கத்தியில் முதலில் பட்டை, பிறகு சதுரம், பிறகு வட்டம் என்று போகிறவர்களுக்குத் தேன்கூடு உதவாது. கத்தி நேராகத்தான் போகும்.

இளவேனில்

என்னிடம் வெட்டுக் கத்திதான், பஞ்ச் இல்லை. அப்படியானால் 9.2-க்கு அச்சு சொல்லிவிடட்டுமா?

பட்டறை மாமா

பொறுங்கள். இரண்டு சுவர் 59.8 செ.மீ. தகட்டில் மிச்சம் 2 மி.மீ. சுருளின் ஓரம் நேராக இருக்காது, இரண்டு பக்கமும் கொஞ்சம் சீவித்தான் எடுப்பேன். 2 மி.மீ.யில் சீவல் முடியாது. அப்புறம் பக்க ஒட்டு 1 செ.மீ.க்குப் பதில் 8 மி.மீ. ஆகும், அங்கேதான் ஒழுகும்.

மடிக்கும் இயந்திரத்துக்கு 99 மி.மீ. அச்சு பெரும்பாலும் தயாராகவே கிடைக்கும், அது வழக்கமான டப்பா அளவு. 9.9 வைத்துப் பாருங்கள்: சுவர் 14.19 × 32.10, குறுக்கே நான்கு, 3 செ.மீ.க்கு மேல் மிச்சம். மூடி 11.5, ஐந்து. டப்பா ஒன்றுக்கு 758. 9.2-ஐவிட 12 ச.செ.மீ. கூட, ஆனால் தனியாக அச்சு கடைய வேண்டாம்.

இன்னொன்று. 1 லிட்டரை விளிம்பு வரை நிரப்பி மூட முடியாது, மேலே காலியிடம் வேண்டும். 50 மி.லி. விட்டால் இந்த விட்டத்தில் உயரம் 6.5 மி.மீ. கூடும். சுவர் 14.84 ஆகும், நான்கு சேர்ந்து 59.4. அப்போதும் 6 மி.மீ. சீவலுக்கு இருக்கும்.

கணியன்

9.1-ம் பார்க்கலாம். இரண்டு சுவர் 59.2, சீவலுக்கு 8 மி.மீ., டப்பா ஒன்றுக்கு 754. அங்கே உயரம் சுருளின் நீளவாக்கில் போவதால் காலியிடத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். எத்தனை டப்பா செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கில் என்றால் அச்சு கடைவது கட்டுப்படியாகலாம். காலியிடத்துக்கான தகட்டையும் சேர்த்து இரண்டையும் இன்னொரு முறை ஒப்பிடுங்கள்.

இளவேனில்

முதலில் சில நூறுதான். 99-ல் ஒரு மாதிரி வெட்டித் தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டு எழுதுகிறேன். மாமா, காலியிடம் 50 மி.லி. எல்லாவற்றுக்கும் போதுமா, எண்ணெய் மாதிரி சூட்டில் விரிவதற்கு இன்னும் கூடுதலாக விட வேண்டுமா?