புதுப்பிப்பு: காதுக்கம்பி எழுத்துகளைக் கொண்டு பழைய மூக்குக்கண்ணாடி ஃபிரேமைக் கண்டறிதல்

அன்று நான் கேட்டது: "காதுக்கம்பியின் உட்புறம் 1/10 12K GF, 5¾ என்றிருக்கிறது, இது என்ன ஃபிரேம், இதே போன்றது எங்கே கிடைக்கும்?"

1/10 12K GF என்பது தங்க முலாம் என்று ஒருவர் சொன்னது பாதி சரி: எடையில் பத்தில் ஒரு பங்காக, 12 காரட் தங்கத் தகடு அடி உலோகத்துடன் பிணைக்கப்பட்டிருப்பதையே அது குறிக்கிறது. 5¾ என்பது லென்ஸின் பவர் என்றார் இன்னொருவர். அது அங்குலத்தில் கம்பியின் நீளம்.

கம்பிகள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் மூக்குப் பாலத்தின் பின்புறத்தையும் உருப்பெருக்கியில் பார்க்கும்படி, பழுதுபார்க்கும் நண்பர் அறிவுறுத்தியிருந்தார். அங்கே AO முத்திரை இருந்ததால், அமெரிக்கன் ஆப்டிகல் தயாரிப்பு என்று கொள்கிறேன். மாதிரியின் பெயர் இன்னும் பிடிபடவில்லை. லென்ஸ் மேலே அகன்று கீழே குறுகும் வட்டமாதலால் பாண்டோ வடிவம்.

ஈபேயில் "AO 12K GF panto" என்று தேடி, லென்ஸ் அகலத்தையும் பால அகலத்தையும் விற்பவர்களிடம் மில்லிமீட்டரில் கேட்டு வருகிறேன். கம்பி நீளம் சற்று மாறினாலும் வளைவைத் திருத்திக்கொள்ளலாம்.