லைன் வீட்டுக்கு ஒரே மீட்டர்: 100 யூனிட் இலவசம் யாருக்குப் போகுது?

அனுப்பர்பாளையம் வாடகை
ஒரு காம்பவுண்டுக்குள்ள நாலு வீடுங்க, ஈபி சர்வீஸ் ஒண்ணுதான். வீட்டுக்கொரு சப்மீட்டர் வெச்சு, யூனிட்டுக்கு 9 ரூபான்னு வாங்கறாங்க. ஒரு வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 140 யூனிட் வருது, அதாவது 1,260 ரூபா. ஃபேன், லைட்டு, மிக்ஸி, டிவி தவிர ஒண்ணுமில்லீங்க. அரசு தர்ற 100 யூனிட் இந்த மாதிரி வீட்டுக்கு வர வழி இருக்குதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை
இருக்குதுங்க. வாடகையைக்கூட அப்புறம் பேசிக்கலாம், மாசாமாசம் அதிகமா போறது இங்கதான். 2024 ஜூலை கட்டணத்தை வெச்சுக் கணக்குப் போடறேன், பாருங்க.

இலவசம் ஒரு சர்வீசுக்கு ஒரு தடவைதான். உள்ள எத்தனை குடும்பம் இருந்தாலும் வாரியக் கணக்குல அது ஒரே வீடு. நாலு வீட்டுக்கு 560, பொது மோட்டாருக்கு ஒரு 60, ஆக மொத்தம் 620 யூனிட்னு வெச்சுக்கங்க. முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட் 4.70 வீதம் 1,410. அதுக்கு மேல 100 யூனிட் 6.30 வீதம் 630. அடுத்த 100 யூனிட் 8.40 வீதம் 840. கடைசி 20 யூனிட் 9.45 வீதம் 189. கூட்டினா 3,069 ரூபா.

இதுல பலரும் கவனிக்காதது ஒண்ணு இருக்குது. 500 யூனிட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு 101லிருந்து 200 வரைக்கும் 2.35தான் விலை. 500ஐத் தாண்டின உடனே அந்தப் பாதி விலையும் போயி, அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 ஆயிரும். நாலு வீட்டையும் ஒரே மீட்டர்ல கட்டினா மூணு வீட்டு இலவசமும் போகுது, பாதி விலையும் போகுது.

உங்க 140 யூனிட் தனி மீட்டர்ல ஓடினா 40 யூனிட்டுக்கு 2.35, அதாவது 94 ரூபா. இப்பக் கட்டறது 1,260.

கருமத்தம்பட்டி மணி
அவ்வளவு தூரம் எதுக்குங்க? 2022 கடைசியில ஆதார் இணைக்கச் சொன்னாங்களே, அதுல வாடகைக்காரங்களும் இணைக்கலாம்னு இருந்துச்சு. நாலு பேரும் அந்த நம்பர்ல ஆதாரைச் சேர்த்துவிட்டா நாலு 100 யூனிட் வந்துரும்.

நொய்யல்கரை
பாதி சரிங்க மணி. குடியிருக்கறவங்க இணைக்கலாம்ங்கறது உண்மை. ஆனா அது அந்த இணைப்பு யாரோட உபயோகத்துல இருக்குதுன்னு காட்டற பதிவு மட்டும்தான், இலவசம் அதனால பெருகாது. சப்மீட்டர் வாரியத்தோட கணக்குலயே இல்லை. சர்வீஸ் நம்பர் தனியா வாங்கினாத்தான் தீரும்.

சோமனூர் தறி
எங்க பக்கம் 1000 யூனிட் இலவசமுங்க. 2023ல 750ஐ 1000 ஆக்குனாங்க. நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்க.

நொய்யல்கரை
அண்ணா, அது விசைத்தறிக்கு. தறிக்கூட மீட்டர் தனி, கட்டண வகையும் தனி. வீட்டு லைனைத் தறி மீட்டர்ல இழுத்தாலும் தப்பு, தறியை வீட்டு மீட்டர்ல ஓட்டினாலும் தப்பு. இவங்க கேக்கறது குடியிருப்புக்கு.

அனுப்பர்பாளையம் வாடகை
தனி சர்வீசுக்கு வாடகைக்காரங்களே எழுதிப் போடலாங்களா?

நொய்யல்கரை
போடலாம். வீட்டுக்காரர் படிவம் 5ல சம்மதம் எழுதிக் கொடுத்தா வேலை சுலபம். சொத்து வரி ரசீது நகல், உங்க ஆதார், வாடகை ஒப்பந்தம் வெச்சு ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம். அவர் சம்மதிக்கலைன்னா, நீங்க முறைப்படி குடியிருக்கறதுக்கு ஆதாரம் காட்டி படிவம் 6ல உறுதிமொழி கொடுக்கலாம். ஆனா டெபாசிட் இரட்டிப்பா கட்டணும். வருசாவருசம் வீடு மாறறவங்களுக்கு அது கட்டுபடியாகாது, வீட்டுக்காரரோட மனஸ்தாபமும் மிஞ்சும். அதனால நாலு குடித்தனமும் சேர்ந்து அவர்கிட்டப் பேசறதுதான் நல்லது.

வாரியத்துல இருந்து பார்க்க வர்றவர் ஒவ்வொண்ணும் தனிக் குடியிருப்பான்னு பார்ப்பார். தனி வாசல், தனி சமையலறை, தனி வயரிங் இருக்கணும். ஒரே குடும்பம் ஒரே வீட்டுல ரெண்டு மீட்டர் வெச்சிருந்தா ஒண்ணாச் சேர்க்கச் சொல்லி நோட்டீஸ் வரும். லைன் வீட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம், நெசமாவே தனித்தனியா இருந்தாப் போதும்.

வீட்டுக்காரம்மா, பெருமாநல்லூர்
எங்க பக்கத்தையும் கேளுங்க. நாலு சர்வீசுக்கு டெபாசிட், டெவலப்மென்ட் சார்ஜ், மீட்டர் போர்டு, வயரிங் எல்லாம் எங்க தலையிலதான் விழுது. அப்புறம் மோட்டார் எந்த மீட்டர்ல ஓடும்? பொதுப் பயன்பாட்டு சர்வீஸ் வாங்கினா விலை கூட, அதுல 100 யூனிட் இலவசமும் கிடையாது. யூனிட்டுக்கு 9 வாங்கறதுல மோட்டார் ரிப்பேரும் அடங்குதுங்க.

நொய்யல்கரை
அக்கா, உங்க செலவு நியாயமானது, மறுக்கலை. ஆனா 560 யூனிட்டுக்கு 9 வீதம் 5,040 வசூல், பில் 3,069. ரெண்டு மாசத்துக்கு 1,971 மிச்சம் நிக்குது. ரிப்பேருக்கு அவ்வளவு ஆகுதான்னு பாருங்க. தனி மீட்டர் வெச்சுட்டு, வாடகையில பராமரிப்புன்னு ஒரு தொகை வெளிப்படையா ஏத்திக்கலாம். 94 ரூபா கரண்ட் பில் கட்டற வீட்டுல 200 சேத்துக் கேட்டாலும் குடித்தனக்காரங்க முகம் சுளிக்க மாட்டாங்க.

மோட்டாரு 1 எச்பின்னா, மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும். தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். அதை எந்த மீட்டர்ல போடறதுன்னு உங்க பிரிவு அலுவலகத்துல முதல்லயே கேட்டு வெச்சுக்கங்க.

வயர்மேன், ஊத்துக்குளி ரோடு
பிரிக்கும்போது நடக்கற ஒரு கோளாறை மட்டும் சொல்லிடறேன், இது தெரியாம எத்தனையோ பேர் பில் ஏறுதுன்னு அலையறாங்க. பழைய லைன் வீட்டுல கரண்ட் வர்ற பேஸ் வயர் வீட்டுக்கொண்ணு இருந்தாலும், அது திரும்பற நியூட்ரல் வயர் எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் முறுக்கியிருக்கும். அதை அப்படியே விட்டுட்டு நாலு மீட்டர் வெச்சா, ஒரு வீட்டுல போன கரண்ட் வேறொரு மீட்டர் வழியாத் திரும்பும். இப்ப வர்ற எலக்ட்ரானிக் மீட்டர் பேஸ்ல போறதையும் நியூட்ரல்ல வர்றதையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைக் கணக்கெடுக்கும். பக்கத்து வீட்டு உபயோகம் உங்க பில்லுல ஏறிரும்.

கண்டுபிடிக்கறது சுலபம். மீட்டர் முகப்புல E/L னு ஒரு சின்ன விளக்கு இருக்கும். உங்க வீட்டுல ஒரு ஃபேன், லைட்டு போட்டு வெச்சுப் பாருங்க, அது எரிஞ்சா நியூட்ரல் கலந்திருக்குது, இல்லைன்னா எங்கியோ எர்த் லீக் ஆகுது. அடுத்து உங்க மெயினை இறக்குங்க. பக்கத்து வீட்டுல எல்லாம் ஓடட்டும். மீட்டர்ல ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும் பாருங்க, 3200 imp/kWh னு போட்டிருந்தா 3200 தடவை மினுங்கினா ஒரு யூனிட். மெயின் கீழ இருக்கும்போதும் அது மினுங்கிட்டே இருந்தா, மெயினுக்கு முன்னாடியே யாரோ இழுத்திருக்காங்க, இல்லைன்னா நியூட்ரல் இன்னும் பிரியலை. வாரிய ஆளு மீட்டர் மாட்ட வர்றதுக்கு முன்னாடியே, வீட்டுக்கொரு நியூட்ரலை போர்டு வரைக்கும் தனியா இழுத்துருங்க.

கருமத்தம்பட்டி மணி
அப்ப சப்மீட்டருக்கும் இதே சோதனை பண்ணலாமுங்களா?

வயர்மேன், ஊத்துக்குளி ரோடு
மெயினை இறக்கி மினுக்கலைப் பார்க்கறது பண்ணலாம். E/L விளக்கு எல்லா சப்மீட்டர்லயும் இருக்காது. பழைய தட்டு சுத்தற மீட்டர்னா தட்டு நகருதான்னு பாருங்க.

அனுப்பர்பாளையம் வாடகை
நாலு வீட்டு ரீடிங்கையும் ஒரே நாள்ல போட்டோ எடுத்து வெச்சுட்டோமுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர்கிட்ட அந்த 94 ரூபாக் கணக்கோட போறோம். மோட்டாருக்கு என்ன சொல்லுவாருன்னுதான் தெரியலை.