பட்டையகலம் கணக்கில் 12.5 கிலோஹேர்ட்ஸ், ஸ்கோப்பில் 155: டியூன்ட் அம்ப்ளிஃபையரில் எங்கே பிழை?

ஹட்டன் மாணவன்:
BC547 ஒன்று, 9 வோல்ட் சப்ளை, கலெக்டர் கரண்ட் 1 மில்லிஅம்பியர். கலெக்டரில் 100 மைக்ரோஹென்றி கொயில், அதற்குச் சமாந்தரமாக ட்ரிம்மரோடு சேர்த்து 253 பிக்கோஃபரட். 1 மெகாஹேர்ட்ஸில் பரிவு வரணும். கொயிலின் கியூ லேபில் அளந்தது, 80. ஆனால் உச்சம் 850 கிலோஹேர்ட்ஸில் நிற்குது, 0.707க்கு இறங்கும் இடங்கள் 775, 930. அதாவது பட்டையகலம் 155; கியூ 80 என்றால் 12.5தானே வரணும்? கெயின் 110தான். அடுத்த ஸ்டேஜின் பேஸுக்குக் கலெக்டரிலிருந்து கெப்பாசிட்டர் வழியே நேராகக் கொடுத்திருக்கேன்.

நானுஓயா:
கொயிலைத்தான் மாத்தணும் தம்பி. லிட்ஸ் கம்பியில் சுத்துங்க, கியூ கூடும்.

பண்டாரவளை ரேடியோ:
நல்ல கம்பி கொயிலின் கியூவைக் கூட்டும், சரிதான். ஆனால் இங்கே அதனால் பலன் வராது. கொயிலின் சமாந்தரத் தடை கியூ 80 × ரியாக்டன்ஸ் 628, ஏறத்தாழ 50 கிலோ ஓம். ட்ரான்சிஸ்டரின் வெளியீட்டுத் தடையை 66 கிலோ ஓம் என்று வைங்க. அடுத்த பேஸும் அதன் பயாஸ் தடைகளும் சேர்ந்து வெறும் 3.2 கிலோ ஓம். மூன்றும் சமாந்தரத்தில் 2.9 கிலோ ஓம்தான், சுமையோடு கியூ 4.6. கொயில் கியூவை 160 ஆக்கினாலும் இந்த 2.9 அசையாது. கெயினும் இதிலிருந்தே வருது: ட்ரான்சிஸ்டரின் gm 0.038 × 2900 = 110. உங்க அளவு சரி.

850க்குக் காரணம் ப்ரோப். அதை 1xஇல் வைத்தால் கலெக்டரில் 100 பிக்கோஃபரட் அளவு கூடிவிடும். 10xக்கு மாத்தி ட்ரிம்மரைத் திரும்ப சரிபண்ணுங்க.

பிறகு கொயிலில் டேப் எடுங்க. 80 சுற்று என்றால் சப்ளை முனையிலிருந்து 20ஆவது சுற்றில். 3.2 கிலோ ஓம் கலெக்டருக்கு 16 மடங்காக, 51 கிலோ ஓமாகத் தெரியும். மொத்தம் 18 கிலோ ஓம், கியூ 29, பட்டையகலம் 34 கிலோஹேர்ட்ஸ். கலெக்டரில் கெயின் 695. அதில் கால்வாசி, 174, அடுத்த பேஸுக்குக் கிடைக்கும். டேப்பில் மின்னழுத்தம் குறைந்தும் முந்திய 110ஐவிடக் கூடுதல்! உள்ளீட்டை 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் கொண்டுபோகாதீங்க, கலெக்டரில் அலை வெட்டுப்படும்.

மஸ்கெலியா:
எங்க லயத்துப் பக்கம் பள்ளம், மீடியம் வேவ் ரொம்ப பலவீனம். இந்த டேப் போட்டால் தூர ஸ்டேஷன் கேட்குமா?

பண்டாரவளை ரேடியோ:
அது வேற கேள்வி. பக்கத்து ஸ்டேஷனைப் பிரிக்கலாம், ஆனால் மலை மறைத்த சிக்னலை இது கொண்டுவராது. நீங்க ஏரியல் கொயிலையும் டியூன் பண்ணி முன்னால் போட்டால், கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையிலுள்ள சிறு கொள்ளளவு வழியே சிக்னல் திரும்பி, இவ்வளவு கெயினில் தானாகவே ஒஸிலேட் ஆகும்.

ஹட்டன் மாணவன்:
டேப் எடுத்தேன் அண்ணே. முதலில் பட்டையகலம் 130 வந்துச்சு. கலெக்டர் பக்கமிருந்து எண்ணிட்டேன். திருப்பின பிறகு 45. 34 இன்னும் வரலை.

பண்டாரவளை ரேடியோ:
130 வந்தால் டேப் தலைகீழ் என்றே அர்த்தம். 45க்கு மொத்தத் தடை 14 கிலோ ஓமாக இருக்கணும். அடுத்த ட்ரான்சிஸ்டரின் பீட்டா குறைவா, டேப் பக்கச் சுற்றுகளின் இணைப்புத் தளர்வா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அடுத்த ஸ்டேஜைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்க. 22 அளவுக்கு வந்தால் கொயிலில் பிழையில்லை.

நானுஓயா:
அப்போதாவது லிட்ஸ் கம்பிக்குப் பலன் இருக்குமா?

பண்டாரவளை ரேடியோ:
டேப் எடுத்த பிறகு கொஞ்சம் இருக்கும்.