லேப்டாப் நாள் முழுக்க ஓடினால் எத்தனை யூனிட்? டெஸ்க்டாப்போடு ஒப்பிட்டால்?

ராக்கோழி:
வீட்டில் ஒரு லேப்டாப், ஒரு பழைய டெஸ்க்டாப். இரண்டையும் அணைப்பதே இல்லை. லேப்டாப்பில் பகலில் அலுவலக வேலை, இரவில் பெரிய ஃபைல்கள் டவுன்லோட் ஆகும். டெஸ்க்டாப்பில் மகள் படிக்கிறாள், நான் அவ்வப்போது வீடியோ எடிட் செய்கிறேன். அணைத்தால் திறந்து வைத்ததையெல்லாம் மறுபடி திறக்க வேண்டுமே என்ற சோம்பல்தான் காரணம்.

இந்த மாதக் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். லேப்டாப் சார்ஜரில் 65 வாட் என்றும், டெஸ்க்டாப் பவர் சப்ளையில் 450 வாட் என்றும் போட்டிருக்கிறது. 24 மணி நேரத்தால் பெருக்கினால் நாளுக்கு 1.56 யூனிட், 10.8 யூனிட் வருகிறது. டெஸ்க்டாப் மட்டும் மாதம் 324 யூனிட்! எங்கள் மொத்த வீட்டுக்கே அவ்வளவு வருவதில்லை. எங்கே தப்புகிறது? உண்மைக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

சும்மா_ஒருவன்:
லேப்டாப் கணக்கு சரிதான். சார்ஜரில் 65 என்றால் 65 தான் இழுக்கும். அதனால் நூறு சதவீதம் ஆனதும் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பாதிக்குப் பாதி மிச்சம். டெஸ்க்டாப்புக்கு ஸ்கிரீன் சேவர் போட்டு வையுங்கள்.

வயர்மேன்:
ராக்கோழி, சார்ஜரிலும் பவர் சப்ளையிலும் இருப்பது அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற அளவு. கம்ப்யூட்டர் கேட்கும் அளவுதான் போகும். டாகுமென்ட், பிரௌசர் என்று சாதாரண வேலை செய்யும்போது லேப்டாப் பெரும்பாலும் 10 முதல் 20 வாட்டுக்குள் இருக்கும். பேட்டரி காலியாக இருந்து சார்ஜும் ஏறினால்தான் 65ஐ நெருங்கும்.

சும்மா_ஒருவன் சொன்ன பேட்டரி யோசனையால் மிச்சம் வராது. பேட்டரியில் செலவானதைத் திரும்ப ஏற்றித்தானே ஆக வேண்டும்? ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் சூடாகிப் போகும். நேரடியாகச் சார்ஜரில் ஓட்டுவதைவிட அதில் செலவு கூடுதல், பேட்டரியும் தேயும். ஆனால் நூறிலேயே எப்போதும் நிறுத்தி வைப்பது பேட்டரிக்கு நல்லதல்ல என்பது உண்மை. உங்கள் லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அது பேட்டரி ஆயுளுக்கு, பில்லுக்கு அல்ல.

இனி, அளக்கும் வழி. பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் வீட்டு மின்மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் `3200 imp/kWh` மாதிரி ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை மின்னும் என்று பொருள். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கட்டும். பத்து மின்னலுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, பத்தால் வகுத்து, இதில் போடுங்கள்:

```
வாட் = 3600000 / (3200 × விநாடி) = 1125 / விநாடி
```

உங்கள் மீட்டரில் வேறு எண் என்றால் 3200 இருக்கும் இடத்தில் அதைப் போடுங்கள். நிறுத்த முடியாத பொருளை முதலில் தனியாக அளந்து, பிறகு கழித்துக்கொள்ளலாம்.

மாடிப்படி:
எனக்கு இதில் சந்தேகம். என்னிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. முதலில் டெஸ்க்டாப் வயரை முழுசாகக் கவ்விப் பார்த்தேன், பூஜ்யம் காட்டியது. அப்புறம் ஒரு கம்பியை மட்டும் பிரித்துக் கவ்வியதும் 0.7 ஆம்பியர் வந்தது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 161 வாட். சும்மா நிற்கும்போதே இவ்வளவு என்றால் நீங்கள் சொல்வதைவிட அதிகமாகத்தானே இருக்கும்?

வயர்மேன்:
முழு வயரைக் கவ்வினால் போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், பூஜ்யம்தான் வரும். பிரித்தது சரி. ஆனால் 0.7 × 230 என்பது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. பழைய, மலிவான பவர் சப்ளைகள் கரண்ட்டைச் சீராக இழுக்காமல் விட்டு விட்டுப் பிடுங்கும். அதில் உண்மை வாட் இந்த எண்ணில் பாதியை ஒட்டிக்கூட இருக்கலாம். வீட்டு மீட்டர் உண்மை வாட்டைத்தான் கணக்கெடுக்கிறது. அதனால்தான் மின்னலை எண்ணச் சொன்னேன்.

ராக்கோழி:
எண்ணினேன்! என் மீட்டரும் 3200 தான். இணைய ரவுட்டரை நிறுத்தினால் வீட்டில் கலவரம் வரும், அதனால் அதை ஓடவிட்டேன். நான் மீட்டர் பெட்டி முன்னால் டார்ச்சோடு நின்றதைப் பார்த்து, எதிர்வீட்டார் மின்வெட்டா என்று விசாரித்தார்.

ரவுட்டர் மட்டும்: ஒரு மின்னலுக்கு 125 விநாடி. அதாவது 9 வாட்.
லேப்டாப்பும் சேர்ந்தால் 45 விநாடி, 25 வாட். ரவுட்டரைக் கழித்தால் லேப்டாப் 16 வாட்.
லேப்டாப்பை நிறுத்திவிட்டு டெஸ்க்டாப், மானிட்டர், ரவுட்டர்: பத்து மின்னல் 112 விநாடியில் முடிந்துவிட்டது. 100 வாட். கழித்தால் 91.
மானிட்டரை மட்டும் அணைத்தால் 76, கழித்தால் 67. அப்படியானால் மானிட்டர் 24 வாட்.
டெஸ்க்டாப்பில் அப்போது ஒரு வேலையும் ஓடவில்லை, வெறும் டெஸ்க்டாப் திரைதான்.

வயர்மேன்:
அருமை, இதுதான் உங்கள் வீட்டுக் கணக்கு. லேப்டாப் இதே அளவில் 24 மணி நேரமும் ஓடினாலும் நாளுக்கு 0.38 யூனிட், மாதம் 11.5. டெஸ்க்டாப் மானிட்டரோடு அப்படியே நின்றால் நாளுக்கு 2.18, மாதம் 65 யூனிட் சொச்சம். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நீங்கள் பயந்த 324 இல்லை, ஆனாலும் சும்மா நிற்பதற்கு இது ரொம்பவே அதிகம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, இல்லையா? வேலையே இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். வீடியோ எடிட்டிங்கில் வாட் எகிறினாலும் அது சில மணி நேரம்தான். பில்லில் அதிகம் உறுத்துவது ஆள் இல்லாத நேரம்.

டெஸ்க்டாப்பை நாளுக்குப் பத்து மணி நேரம் பயன்படுத்தி, மீதி 14 மணி நேரம் ஸ்லீப்பில் போட்டால் என்ன ஆகும்? ஸ்லீப்பில் பொதுவாக இரண்டு மூன்று வாட்தான். 91 × 10 + 2 × 14, நாளுக்கு 0.94 யூனிட், மாதம் 28. திறந்து வைத்ததெல்லாம் அப்படியே இருக்கும், உங்கள் சோம்பலுக்கும் பங்கம் வராது. அந்த ஒரே மாற்றத்தில் 37 யூனிட் மிச்சம். லேப்டாப்பை எப்படிப் பிழிந்தாலும் மாதம் ஐந்தாறு யூனிட்டுக்கு மேல் தேறாது.

இரவு டவுன்லோட் லேப்டாப்பிலேயே இருக்கட்டும், திரையை மட்டும் சில நிமிடங்களில் அணையும்படி வையுங்கள். மூடி வைத்து ஓட்டுவதானால் சூட்டைப் பாருங்கள். சில லேப்டாப்புகளில் கீபோர்டு வழியாகவும் காற்று போகும். ஸ்கிரீன் சேவரை மறந்துவிடுங்கள். திரை எரிந்துகொண்டேதான் இருக்கும், படம் நகர்ந்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை.

பையில்_அடுப்பு:
எனக்கும் இதே பிரச்சினைதான். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தால் மாலையில் எடுக்கும்போது கொதிக்கிறது, சார்ஜ் பாதி போயிருக்கிறது. சார்ஜரை மாற்ற வேண்டுமா?

வயர்மேன்:
உங்களுடையது வேறு கதை, சார்ஜர் குற்றவாளி அல்ல. விண்டோஸ்தானே? இதை அடியுங்கள்:

```
powercfg /a
```

அதில் `Standby (S0 Low Power Idle)` இருப்பதாகக் காட்டினால், மூடியதும் கம்ப்யூட்டர் அரைத் தூக்கம்தான் தூங்கும், பின்னால் ஏதாவது எழுப்பிவிடும். மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிப் பாருங்கள்.

பையில்_அடுப்பு:
S0 தான் காட்டுகிறது. மாற்றிவிட்டேன். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, நாளை தெரியும்.

ராக்கோழி:
அண்ணா, டெஸ்க்டாப்பில் 15 நிமிடத்தில் ஸ்லீப் என்று ஏற்கெனவே போட்டிருக்கிறேன். ஆனால் தூங்க மாட்டேன் என்கிறது. காலையில் பார்த்தால் மானிட்டர் அணைந்திருக்கிறது, உள்ளே ஃபேன் ஓடுகிறது.

வயர்மேன்:
அப்படியானால் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து:

```
powercfg /requests
```

`SYSTEM` என்பதற்குக் கீழே என்ன வருகிறது?

ராக்கோழி:
`[DRIVER]` என்று ஆடியோ பெயர், கீழே `An audio stream is currently in use.` என்று வருகிறது. தேடியதில், மகள் ஒரு பாட வீடியோவை ஒலியை மட்டும் குறைத்துவிட்டு வேறு டேபில் ஓடவிட்டிருக்கிறாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. அந்த டேபை மூடியதும் `SYSTEM` கீழே `None.` வந்துவிட்டது. கால்மணி நேரத்தில் தூங்கியும் விட்டது.

மாடிப்படி:
நானாக இருந்தால் டெஸ்க்டாப்பையே கொடுத்துவிட்டு இன்னொரு லேப்டாப் வாங்கிவிடுவேன். ஆறு மடங்கு வித்தியாசம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே.

வயர்மேன்:
ஸ்லீப் ஒழுங்கானபின் 28 யூனிட். பத்து மணி நேர வேலைக்கு லேப்டாப் ஐந்து யூனிட் எடுக்கும். மிச்சம் மாதம் 23. அதை வைத்துப் புது லேப்டாப்பின் விலையை எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

மாடிப்படி:
வீடியோ எடிட்டிங் வேகமும் கூடுமே, அதற்கு எந்த யூனிட்டில் கணக்கு? நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ராக்கோழி:
வாங்குவதா வேண்டாமா என்பது அப்புறம். ஸ்லீப்பில் இருக்கும்போது எண்ணிப் பார்த்தேன், மின்னலுக்கு 49 விநாடி. ரவுட்டரைக் கழித்தால் 14 வாட் வருகிறது. நீங்கள் இரண்டு மூன்று என்றீர்களே?

வயர்மேன்:
டெஸ்க்டாப் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கிறதா, யுபிஎஸ் வழியாகவா? ஸ்பீக்கர், பிரின்டர் ஏதாவது அதே போர்டில் இருக்கிறதா?

ராக்கோழி:
யுபிஎஸ் வழியாகத்தான். ஸ்பீக்கரும் அதில்தான் சொருகியிருக்கிறது, அதன் விளக்கு எப்போதும் எரியும்.

வயர்மேன்:
யுபிஎஸ் தன் பேட்டரியைக் காக்க இருபத்து நான்கு மணி நேரமும் சில வாட் எடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் அடாப்டரும் சேரும். ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால்தான் எது எவ்வளவு என்று பிரியும். யுபிஎஸ் பேட்டரி பழசா? பழசானால் கூடுதலாகவும் குடிக்கலாம்.

ராக்கோழி:
பேட்டரி மாற்றிப் பல வருடம் ஆகிறது. இப்போது மகள் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள், இரவு யுபிஎஸ்ஸைத் தவிர்த்து அளந்துவிட்டு வந்து போடுகிறேன்.