மாங்காய் லைனில் மாடல் ஏன் இவ்வளவு தள்ளுகிறது?

காவேரிப்பட்டணத்தான்: கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாம்பழத்தில் அழுகலைப் பிடிக்க ஒரு மாடல் பழக்கினேன். நல்லது 500, அழுகல் 500 படம். தனியாக எடுத்து வைத்த படங்களில் அழுகலில் 90% பிடித்தது, நல்லதில் 20% தவறாகத் தள்ளியது. லைனில் வைத்தால் நூற்றுக்கு 27 பழத்தைத் தள்ளுகிறது, பொறுக்கும் அக்காக்கள் சிரிக்கிறார்கள். பயிற்சிப் படங்களுக்கு எப்படி வெயிட் போடுவது?

ஓசூர்_வண்டி: கோவேரியேட் ஷிஃப்ட், அதாவது படங்களின் தோற்றமே மாறிவிட்டது, சந்தேகமே இல்லை. பழைய படமா லைன் படமா என்று பிரிக்க ஒரு கிளாசிஃபையர் பழக்குங்க, லைன் படம் மாதிரி இருக்கும் பழைய படத்துக்கு வெயிட்டை ஏற்றுங்க, முடிந்தது.

ராயக்கோட்டை மண்டி: தம்பி, எங்க தக்காளியிலும் இதே கதைதான், பெட்டி எடையையும் சேர்த்துப் போட்டிருந்தான். முதல்ல தராசைப் பாருங்க.

ஊத்தங்கரை டீச்சர்: அண்ணா, இது தராசு விஷயம் இல்லை, எந்தப் படத்தை எவ்வளவு பொருட்படுத்துவது என்பது. ஓசூர் தம்பி, ஒரே மாதிரி கரும்புள்ளி உள்ள பத்துப் படத்தில் ஐந்து நல்லது, ஐந்து அழுகல் என்று வையுங்கள். உங்கள் முறை பத்துக்கும் ஒரே வெயிட் தரும், பாதிக்குப் பாதி அப்படியே நிற்கும். லைனில் மாறியதே அந்த விகிதம்தான். அழுகல்தான் புள்ளியை உண்டாக்குகிறது, அழுகிய பழத்தின் தோற்றம் மாறவில்லை, வரும் லோடில் அதன் பங்கு குறைந்துவிட்டது. இது லேபிள் ஷிஃப்ட்.

கணக்கு சின்னது. அழுகலின் பங்கு b என்றால்:

```
0.9*b + 0.2*(1-b) = 0.27   →   b = 0.10
```

பயிற்சியில் 0.5 இருந்தது, எனவே அழுகல் படத்துக்கு வெயிட் 0.2, நல்லதுக்கு 1.8. தள்ளிய 27-இல் 9 மட்டுமே நிஜ அழுகல், அக்காக்கள் சிரிப்பது நியாயம்தான். மறுபடி பழக்காமலும் சரிசெய்யலாம்: மாடல் தரும் மதிப்பெண்ணை அழுகலுக்கான நிகழ்தகவாக நம்ப முடிந்தால், இப்போது 0.5 என்று சொல்வது உண்மையில் 0.1தான், அதனால் 0.9-க்கு மேல் வந்தால் மட்டும் தள்ளுங்கள்.

ஓசூர்_வண்டி: தோட்டத்தில் வெயிலில் எடுத்த படம், லைனில் குழல் விளக்கு. தோற்றம் மாறவில்லை என்று எந்த தைரியத்தில் சொல்றீங்க?

ஊத்தங்கரை டீச்சர்: நல்ல கேள்வி, அதை நான் சும்மா நம்பிவிட்டேன். அக்காக்களிடம் இன்றைய லோடில் அழுகல் 50, நல்லது 50 பொறுக்கச் சொல்லி மாடலுக்குக் காட்டுங்கள். 45-ம் 10-ம் அருகே தள்ளினால் கணக்கு நிற்கும். அழுகலில் 30-தான் பிடித்தால் மேலே போட்ட b பொய்.

காவேரிப்பட்டணத்தான்: பார்த்தாச்சு டீச்சர், பெங்களூராவில் 46, 9. ஆனால் மதியம் செந்தூரா லோடு வந்தது, நூற்றுக்கு 60 தள்ளிவிட்டது. உங்கள் சூத்திரம் பாதிக்கு மேல் அழுகல் என்கிறது, கையால் பார்த்தால் நாலைந்துதான். சிவந்த கன்னத்தைப் பார்த்து மிரள்கிறது போல.

ஓசூர்_வண்டி: பார்த்தீங்களா, கோவேரியேட் ஷிஃப்ட்!

ஊத்தங்கரை டீச்சர்: பெயர் உங்களுக்கே இருக்கட்டும். பயிற்சியில் செந்தூரா ஒன்றுகூட இல்லையே, எந்தப் படத்துக்கு வெயிட் ஏற்றுவீர்கள்? புதுசாகப் படம் எடுத்தே ஆக வேண்டும்.

ஓசூர்_வண்டி: வெயில் பட்டு சிவந்த பெங்களூரா கொஞ்சம் இருக்குமே, அதை ஏற்றிப் பார்க்கலாம்னுதான் இப்பவும் சொல்றேன்.

காவேரிப்பட்டணத்தான்: தேடினேன், ஆயிரத்தில் 11 இருக்கு.