கேரம் காய் மோதலில் கோணம் ஏன் 90 டிகிரி வரவில்லை?

வணக்கம். தங்கச்சிமடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபரிமாண மோதலைக் கேரம் பலகையில் காட்டுகிறேன். நின்ற காயின் ஓரத்தில், அதே நிறையுள்ள இன்னொரு காயை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மோதவிட்டோம். வீடியோவில் பார்த்தால் மோதிய காய் 30 டிகிரி ஒரு பக்கமும், மற்றது 50 டிகிரி மறுபக்கமும் விலகின.

உந்த மாறா விதியை நேர்த்திசை, குறுக்குத்திசை இரண்டிலும் எழுதினால் வேகங்கள் 0.778, 0.508. வர்க்கங்களின் கூடுதல் 0.863தான். இயக்க ஆற்றலில் சுமார் 14 சதவீதம் போய்விட்டது! மீட்சி மோதல் என்றால் இடைக்கோணம் 90 ஆகியிருக்கும், இங்கே 80. (கடற்காற்று ஈரத்தில் பவுடர் வேறு கட்டிக்கொள்கிறது.) பலகையின் உராய்வு வேகத்தைக் குறைக்குமே தவிர திசையை மாற்றாது. அப்படியானால் இழப்பு மோதும் கணத்தில்தான். காய்கள் அமுங்கியதாலா, ஓரங்கள் உரசிச் சுழன்றதாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.